ரெண்டாம் பக்கத்து ஒப்பு

குமுளி போற ரோட்டுல ஒரு டிடிபி கடையில நான் நாலு வருசமா வேலை பாத்தேன். செராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைன் அபேட்ச, அதான் அப்ளிகேசன், இங்கிலீஷ் லெட்டர், எல்லாம் பண்ணுவோம். நான் ஒம்பதாவதோட நிறுத்துனவ. இங்கிலீஷ் பேச வராது. ஆனா டைப் அடிக்க வரும். ஒரே மாதிரி லெட்டர நூறு தடவ அடிச்சா அது தன்னால கையில வந்து ஒக்காந்துக்கும்.

கடைக்கார அக்காவுக்கு மத்ததுல எப்படியோ, லெட்டர் விசயத்துல ரொம்ப கண்டிப்பு. மேல 'சார்'னோ 'டியர் சார்'னோ போட்டா கீழ 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி'. மேல 'டியர் மிஸ்டர்'னு போட்டு ஆளு பேரு வந்தா கீழ 'யுவர்ஸ் சின்சியர்லி'. ஒய் மட்டும் பெரிய எழுத்து, அடுத்த வார்த்தை சின்ன எழுத்து, முடிவுல ஒரு கமா, அப்புறம் ஒப்பு போட இடம். மாத்தி அடிச்சா அக்கா கத்தும். "வேட்டிக்கு மேல கோட்டு மாட்டி விட்டிருக்க பாரு. இந்தக் கடை பேருல போற லெட்டரு, ஒழுங்காப் போகணும்"னு சொல்லும். வர்ற ஆளுக்கு இது ஒன்னும் தெரியாது. ஆனா ஏல எஸ்டேட் ஆபீஸுல இருக்குறவங்க பாப்பாங்க. அங்க ஃபைலெல்லாம் கம்பெனி ஹெட் ஆபீஸுக்குப் போறதால லெட்டரெல்லாம் இங்கிலீஷ்லதான் வேணும்.

எங்கம்மாவுக்கு அந்த எஸ்டேட் ஏலத்தோட்டத்துலதான் நெரந்தர வேலை. வயித்துல கட்டின்னு தெரிஞ்சதும் ஒரு நாள் மத்தியானம் கடைக்கே வந்துச்சு. வேலைய என் பேருக்கு மாத்தித் தரச் சொல்லி மேனேஜருக்கு லெட்டர் எழுதணும்னுச்சு. வேலை போனா எஸ்டேட் குடுத்த லயத்து வீடும் போயிரும். நானும் தங்கச்சியும் அந்த வீட்டுலதான் இருக்கோம். தங்கச்சி பிளஸ் டூ படிக்கிறா. அப்பா எப்பவோ போயிட்டாரு.

அம்மா பிளாஸ்டிக் சேர்ல ஒக்காந்துக்கிட்டு சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். இங்கிலீஷ் வாராத எடத்துல அக்கா எடுத்துக் குடுத்துச்சு.

"பேரு போடு. டியர்னு போட்டு அவரு பேரப் போடு"ன்னுச்சு அம்மா.

"சார்னு போட்டாப் போதும்மா."

"அவருக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப ஒரு மாசம் கஞ்சி வச்சுக் குடுத்தவ நானு. என்னைய யாருன்னு தெரியாதா அவருக்கு? பேரப் போடு."

"பேரு போட்டா கீழ வேற மாதிரி வரும்."

"வரட்டுமே. அதுல போயி என்னடி கஞ்சத்தனம்?"

அக்கா சிரிச்சுட்டு, "பேரு போட்டு சின்சியர்லி வச்சுக் குடுடி"ன்னுச்சு.

அப்புறம் அம்மா இன்னொன்னு சொல்லுச்சு. அதுக்குத்தான் சண்டை வந்துச்சு. "எழுது. எம்மக அதிகம் படிக்கல. வாயும் கொஞ்சம் ஜாஸ்தி. வெடுக்குன்னு ஏதாச்சும் பேசிட்டான்னா எனக்காகப் பொறுத்துக்கணும். ஆனா கை வேலை சுத்தமா இருக்கும்."

"இதெல்லாம் ஆராச்சும் லெட்டர்ல எழுதுவாங்களா?"

"இந்தா பாரு, இப்பவே வாய் பேசுற. எழுது."

அடிச்சுக் குடுத்தேன். ரெண்டு பக்கம் வந்துச்சு. ரெண்டாம் பக்கத்துல கடைசி பாரா, யுவர்ஸ் சின்சியர்லி, அதுக்குக் கீழ அம்மா தமிழ்ல ஒப்பு போட்டுச்சு. கடைசி எழுத்து ரொம்ப கீழ எறங்கிப் போச்சு. தேனி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து நானே நேர்ல குடுக்குறேன்னு சொல்லி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சுச்சு.

தேனியில இருந்து அம்மா உசுரோட வரல.

முப்பதாம் நாள் ஜெபம் முடிஞ்சு நான் அந்தக் கவர எடுத்தேன். அதுக்குள்ள பழைய மேனேஜர் மாத்தலாகிப் போயிட்டாரு. புது ஆளு வந்திருக்காரு. தோட்டத்து சூப்பர்வைசரு அண்ணன் லெட்டரப் பாத்துட்டு, "போன ஆளு பேருல இருக்கே, இத யாரு வாங்குவா? மொத பக்கத்த மட்டும் மாத்தி அடிச்சுக் குடு"ன்னாரு.

கடை கம்ப்யூட்டர்ல அந்த ஃபைல் இருந்துச்சு. புது மேனேஜர் பேரு எனக்குச் சரியாத் தெரியாது. அதனால பேர அழிச்சுட்டு 'சார்'னு போட்டேன். அப்பத்தான் அந்த வாய் ஜாஸ்திங்கற வரி கண்ணுல பட்டுச்சு. புது ஆளு. என்னையப் பத்தி மொத மொதல்ல படிக்கிறது இதுவா இருக்கணுமான்னு நெனச்சேன். அதையும் எடுத்துட்டேன். மொத பக்கம் மட்டும் பிரிண்ட் எடுத்து, அம்மா ஒப்பு போட்ட ரெண்டாம் பக்கத்தோட சேத்துப் பின் அடிச்சேன்.

ரெண்டாம் பக்கத்த நான் பாக்கல. பாத்தா அந்த ஒப்பையும் பாக்கணும். கவுத்து வச்சே பின் அடிச்சேன். அதனாலதான் கீழ சின்சியர்லின்னு இருக்குறது எனக்கு ஞாபகமே வரல. மத்தவங்க லெட்டரா இருந்தா நானே பத்தடி தூரத்துல இருந்து கண்டுபிடிச்சிருப்பேன்.

எஸ்டேட் ஆபீஸுல கிளார்க்கு ஒரு மலையாளத்துக்காரரு. எங்களோட தமிழ் கலந்துதான் பேசுவாரு. லெட்டர வாங்கி மேல பாத்தாரு, கீழ பாத்தாரு, திருப்பி மேல பாத்தாரு.

"இது ஆரு டைப் செஞ்சது?"

"நாந்தான் சார்."

கடை எதுன்னு கேட்டாரு. சொன்னேன்.

"அந்தக் கடையில இருந்து எத்தர லெட்டர் வந்திருக்கு. ஒன்னுல கூட இந்தத் தெத்து, தப்பு, கண்டதில்ல மோளே. மேல சார்னு இருக்கு. கீழ சின்சியர்லி. நீ அடிச்சா இப்படி வராதே."

அவரு ரெண்டாம் பக்கத்த எம்பக்கமாத் திருப்பி வச்சாரு.

"இது ரெண்டு லெட்டர். கீழ இருக்குற பக்கத்துக்கு ஒரு தலை இருந்திருக்கு, அந்தத் தலை இது இல்ல. உள்ளதச் சொல்லு. அம்மா எதுக்கு ஒப்பு போட்டா? வேற எதுக்காச்சும் போட்ட ஒப்பா?"

இதுக்கு முன்னாடி ஒருத்தன் செத்துப்போன அண்ணன் ஒப்பு போட்ட பேப்பருக்கு மேல வேற பக்கம் வச்சு, அண்ணன் பொண்டாட்டிய வீட்ட விட்டு எறக்கப் பாத்தானாம். அதுல இருந்து இவரு எல்லாத்தையும் இப்படித்தான் பாப்பாராம். அவரச் சொல்லிக் குத்தமில்ல. ஆனா எனக்கு அப்ப அழுகையும் கோவமும் சேந்து வந்துருச்சு.

"ஆமா, மாத்துனேன். போன மேனேஜர் பேரு இருந்துச்சு, அத எடுத்தேன். எங்கம்மா ஒப்பத் திருடவா வந்திருக்கேன் நானு? எங்கம்மாட்ட திரும்ப வாங்க முடிஞ்சா வாங்கிட்டு வந்திருக்க மாட்டேனா?"

சம்பளச் சீட்டு வாங்க வந்து வெளிய பெஞ்சுல ஒக்காந்திருந்த ரெண்டு பொம்பளைங்க எட்டிப் பாத்தாங்க. சத்தம் கேட்டு மேனேஜரும் வந்துட்டாரு. கிளார்க்கு ரெண்டு பக்கத்தையும் காமிச்சு மலையாளத்துல விவரம் சொன்னாரு.

மேனேஜர் என்னையப் பாத்து ஒன்னே ஒன்னுதான் கேட்டாரு. "பழைய பக்கம் இருக்கா?"

இருந்துச்சு. கிழிச்சுப் போட மனசு வராம கவர்லயே வச்சிருந்தேன். லயத்துக்கு ஓடினேன். தங்கச்சி வாசல்ல துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா. "வேலை கெடச்சுருச்சாக்கா?"ன்னு கேட்டா. கவரோட திரும்பி ஓடினேன்.

கிளார்க்கு ரெண்டு மொத பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஸ்கேல வச்சு ஒவ்வொரு வரியா எறக்கிட்டே வந்தாரு. பழசுல பேரு, கீழ சின்சியர்லி, அது சரியாச் சேருது. வேலைக்குச் சேந்த வருசம், லீவு, வியாதி, வேலைய மகளுக்குக் குடுக்கணும்ங்கறது, எல்லாம் ரெண்டுலயும் ஒன்னு போலத்தான் இருந்துச்சு. அப்புறம் ஸ்கேலு நின்னுருச்சு.

"இந்த வரி புதுசுல இல்லையே."

அவரு அத மேனேஜருக்கு மலையாளத்துல மாத்தி சத்தமா வாசிச்சாரு. வாய் ஜாஸ்தி, பொறுத்துக்கணும், கை வேலை சுத்தம். பெஞ்சுல இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. "உள்ளதத்தான எழுதிருக்கா மகராசி"ன்னு ஒரு அக்கா சொல்லுச்சு. அம்மா கூட வேலை செஞ்சது அது.

மேனேஜர் சிரிக்கல. "இது ஏன் எடுத்தே?"

"வெக்கமா இருந்துச்சு சார்."

"வாய் ஜாஸ்தியா?"

"இப்ப நீங்களே பாத்தீங்கள்ல சார்."

அதுக்குத்தான் அவரு சிரிச்சாரு. அப்புறம் கிளார்க்குகிட்ட, "பக்கம் மாத்துறவன் இல்லாத ஒன்னச் சேப்பான். இந்தப் பொண்ணு இருந்தத எடுத்திருக்கு"ன்னாரு. கிளார்க்கு தலைய ஆட்டுனாரு. ஆனா விடல. "சார், அப்படியே அனுப்ப முடியாது. நான் கண்டது ஹெட் ஆபீஸ்காரனும் காணுவான்"னாரு. அம்மாவோட ரெண்டு பக்கத்தையும் உள்ளபடி வைக்கணும். நான் மாத்துன பக்கத்தையும் வைக்கணும். ஏன் மாத்துனேன்னு என் பேருல தனியா ஒரு லெட்டர் குடுக்கணும். திங்கக்கெழமையில இருந்து கேசுவலா, தினக்கூலிக்கு, வேலைக்கு வரலாம். ஹெட் ஆபீஸ் பதில் வர்ற வரைக்கும் லயத்து வீட்டுல இருக்கலாம்னு மேனேஜர் சொன்னாரு.

கடைக்குப் போயி விசயத்தச் சொன்னேன். அக்கா மொதல்ல கத்துச்சு. "எங்கடையில அடிச்ச லெட்டரா அது? தலைக்கு ஒன்னு, காலுக்கு ஒன்னு! எம்மானத்த வாங்கிட்டியேடி." அப்புறம் என் கையப் புடிச்சு சேர்ல ஒக்கார வச்சு, தண்ணி குடுத்துச்சு. லெட்டர நான் அடிச்சேன். நடந்தத நடந்தபடி. மேல சார், கீழ ஃபெயித்ஃபுல்லி. ஒரே பக்கம். பிரிண்ட் எடுத்து மேலயும் கீழயும் மூணு தடவ பாத்துட்டு ஒப்பு போட்டேன்.

அத குடுத்தப்ப கிளார்க்கு எல்லாத்தையும் ஒன்னாச் சேத்து நம்பர் போட்டு ஃபைல்ல கோத்தாரு. ஏழு மாசம் கழிச்சு வேலை என் பேருக்கு வந்துச்சு. இப்ப காலையில ஏலக்கா எடுக்கப் போறேன். ஞாயித்துக்கெழமை மட்டும் கடைக்குப் போவேன்.

ஒன்னு மட்டும் மனசுல கெடக்கு. நாளெல்லாம் செராக்ஸ் எடுத்துக் குடுத்த நான், அம்மா லெட்டர ஒரு காப்பி எடுத்து வைக்கல. கம்ப்யூட்டர் ஃபைல்லயும் மாத்துன பக்கத்தத்தான் சேவ் பண்ணி வச்சிருக்கேன். போன வாரம் கிளார்க்குகிட்ட கேட்டேன். ஃபைல் ஹெட் ஆபீஸுல இருக்கு, காப்பி வேணும்னா மேனேஜருக்கு எழுதிக் குடு, வாங்கித் தர்றேன்னாரு.

எழுதத்தான் ஒக்காந்தேன். மேனேஜர் பேரு இப்ப எனக்குத் தெரியும், வழியில பாத்தா அவரும் என்னைய விசாரிப்பாரு. டியர் மிஸ்டர்னு அடிச்சு அவரு பேரப் போட்டேன். கீழ சின்சியர்லின்னு வச்சேன். அக்கா பின்னாடி நின்னு மேலயும் கீழயும் பாத்துட்டு பிரிண்டர்ல பேப்பர வச்சுச்சு. நாளைக்குக் குடுக்கணும்.