ஆடி முடியட்டும் என்று காத்திருந்தவர்

கணேசமூர்த்தி தர்மபுரிக்காரர். பேக்கரிகளுக்கு இயந்திரம் விற்கிற கம்பெனிக்காகச் சேலம், ஈரோடு என்று சுற்றிக்கொண்டிருந்தவரை இரண்டு வருடத்துக்கு முன்னால் பெங்களூருக்கு மாற்றினார்கள். விவேக் நகரில் வீடு பிடித்தார். மனைவி லாவண்யாவுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலை கிடைத்தது, மகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. அப்பாடா என்று உட்கார்ந்த நேரத்தில்தான் மேலாளர் ஹரிஷ்குமார் அந்தப் பேச்சை எடுத்தார்.

"செப்டம்பருக்குள்ள ஒரு பெரிய மெஷினாவது போகணும் சார். இல்லேன்னா கல்புர்கி ஏரியாவ நீங்கதான் பாத்துக்கணும்."

வட கர்நாடகத்துக் கல்புர்கிக்கு ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டும். குடும்பம் இங்கே, இவர் அங்கே. அல்லது எல்லோரும் மறுபடி மூட்டை கட்ட வேண்டும்.  

ஜூலை தொடக்கத்தில் மல்லேஸ்வரத்து பேக்கரி ஒன்றில் இயந்திரத்தை ஓட்டிக்காட்ட ஒரே ஒரு வாய்ப்பு வந்தது. பன் மாவைச் சம அளவில் வெட்டி உருட்டித் தருகிற இயந்திரம் அது. உரிமையாளர் ஸ்ரீஹர்ஷாவின் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்பே இந்த ஊரில் வேரூன்றிய தமிழ்க் குடும்பம். தமிழ் பேசுகிற வாடிக்கையாளர் என்றதும் கணேசமூர்த்திக்குப் பாதி கிணறு தாண்டிவிட்ட மாதிரி இருந்தது. பாதி கிணறு தாண்டியவன் எங்கே விழுவான் என்று ஊரறியும்.

ஆனால் அன்று அவர் பிரமாதமாகச் செய்தார், குறை சொல்வதற்கில்லை. கம்பெனி மாவு வேண்டாம், உங்கள் மாவையே கொடுங்கள் என்றார். அவர்கள் பிசைந்த மாவு, அவர்கள் அடுப்பு. வெந்து வந்த பன் எல்லாம் ஒரே அச்சு. ஸ்ரீஹர்ஷா ஒன்றைச் சூட்டோடு பிய்த்து வாயில் போட்டு, "பஹள சென்னாகிதே" என்று கன்னடத்தில் மெச்சிக் கையைத் தட்டினார். மாவு உருட்டுகிற முத்தம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"மிக்ஸர் ஓடறப்போ இதையும் போட்டா கரண்ட் தாங்குமா சார்?"

"கேட்டுச் சொல்றேம்மா" என்றார் கணேசமூர்த்தி.

இயந்திரத்தை டெம்போவில் ஏற்றும்போது ஸ்ரீஹர்ஷா தோளில் தட்டினார். "ஆஷாட முடியட்டும் சார். அந்த மாசத்துல புதுசா எதுவும் வாங்க மாட்டோம். அப்புறம் பேசலாம்."

"ஆகட்டும் சார், தாராளமா" என்று கும்பிட்டார் நம்மவர். அந்த இடத்திலேயே, 'முடிஞ்ச மறுநாள் வரட்டுமா? என்ன தேதி சார்?' என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கேட்பதற்குக் கூச்சம். நல்லபடியாக முடிந்ததைத் தேதி கேட்டுக் கெடுப்பானேன் என்று ஒரு பயம். பன் நன்றாக வந்த மயக்கம் வேறு.

அன்று சாயங்காலமே நன்றி சொல்லிப் பன்னின் படத்தோடு செய்தி அனுப்பினார். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. அதோடு சரி. முத்தம்மாவின் கேள்வி நினைவிலிருந்து நழுவிவிட்டது.

இரண்டு நாள் போனதும் ஹரிஷ்குமார் ஆரம்பித்தார். "அப்டேட் கேளுங்க சார். சூடா இருக்கும்போதே அடிக்கணும்." காலைக் கூட்டம் முடிந்த கையோடு கணேசமூர்த்தி அனுப்புவார்: 'சார், எனி அப்டேட்?' அது பேக்கரியில் வண்டிகளுக்குச் சரக்கு ஏற்றுகிற நேரம், மூச்சு விட ஆளிருக்காது. நீல டிக் விழும், பதில் விழாது. மறுபடி அதே செய்தி. அதற்கு மறுவாரம், கேட்காமலேயே 'ஸ்பெஷல் டிஸ்கவுண்ட்' என்று ஒன்றை ஹரிஷ்குமார் அனுப்பச் சொன்னார். அனுப்பும்போதே கணேசமூர்த்திக்கு வெட்கமாக இருந்தது. வாங்க மாட்டேன் என்று சொல்லாதவனிடம் விலையைக் குறைத்தால், முதலில் சொன்ன விலை பொய் என்றல்லவா ஆகும்?

பதில் இல்லை.

அலுத்துப்போனார். ஒருநாள் பஸ்ஸில் நின்றுகொண்டே முடிவு செய்தார். மனுஷன் ஆஷாட முடியட்டும் என்று வாய்விட்டுச் சொன்னாரே, நாம் ஏன் நச்சரிக்கிறோம்? ஆஷாடம் என்றால் ஆடி. வீட்டுச் சுவரில் தர்மபுரியிலிருந்து வந்த தினசரிக் காலண்டர், ஆடி ஒன்று, ஆடி இரண்டு என்று தாள் கிழிந்துகொண்டிருந்தது. ஆவணி பிறக்கட்டும், கௌரவமாகப் பேசுவோம். ஹரிஷ்குமாரிடம் அனுப்பிவிட்டதாகப் பொய் சொன்னார். மல்லேஸ்வரம் பக்கமே போகவில்லை.

காத்திருந்த நாட்களில் அவர் ஒரு நல்ல காரியமும் செய்தார். சர்வீஸ் ஆளைப் பிடித்து முத்தம்மாவின் கேள்விக்கு விடை வாங்கினார். ஆவணி பிறந்தது. பேக்கரியில் சந்தடி ஓய்ந்திருக்கும் மதிய நேரமாகப் பார்த்து, நாலு முறை அடித்துத் திருத்தி, இப்படி அனுப்பினார்:

'சார், அன்னைக்கு முத்தம்மா கேட்ட கேள்விக்குப் பதில்: உங்க மிக்ஸரோட சேர்த்தே ஓடும், இப்ப இருக்கிற கரண்ட் லோடே போதும். மெஷின் வேணும்னா எந்தக் கிழமை வரட்டும்னு மட்டும் சொல்லுங்க. இப்போதைக்கு வேண்டாம்னா அதையும் தாராளமா சொல்லலாம், தப்பா நினைக்க மாட்டேன், தொந்தரவும் பண்ண மாட்டேன்.'

கெஞ்சல் இல்லை, அப்டேட் இல்லை, டிஸ்கவுண்ட் இல்லை. அவர் வாழ்நாளில் எழுதிய நல்ல செய்தி அதுதான். போனைப் பையில் வைப்பதற்குள் ஸ்ரீஹர்ஷாவே கூப்பிட்டார்.

"என்ன சார் நீங்க, இப்ப வந்து கேக்கறீங்களே! வரமஹாலக்ஷ்மி ஹப்ப, அதான் வரலட்சுமி நோன்பு, அன்னைக்கே மெஷினுக்குப் பூஜை போட்டாச்சே."

"எந்த... எந்த மெஷின் சார்?"

"வேற கம்பெனி. ஆஷாட முடிஞ்சு ஷ்ராவண பொறந்த அன்னைக்கே அந்தப் பையன் போன் பண்ணினான். பூஜைக்கு எந்த நாள் பாத்திருக்கீங்கன்னு கேட்டான். அவ்ளோதான்."

"ஆடி நேத்துத்தானே சார் முடிஞ்சது?"

 ஸ்ரீஹர்ஷா மெதுவாகச் சொன்னார். "ஐயோ. உங்க ஊர் ஆடி வேற சார். எங்க வீட்ல தமிழ் பேசறோமே தவிர, மாசமெல்லாம் இந்த ஊர்க் கணக்குதான். அமாவாசையோட ஆஷாட போச்சு, மூணு வாரமாகுது. நெஜம் சொல்லட்டா? உங்க மெஷின்தான் நல்லா இருந்தது. ஆஷாடத்துல தெனம் மெசேஜ் போட்டீங்க, எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஷ்ராவணத்துல நான் பாத்துட்டே இருந்தேன், உங்ககிட்டருந்து ஒரு வார்த்தை இல்ல. சரி, நம்மள வேண்டாம்னு விட்டுட்டாங்கன்னு நெனச்சேன்."

பதில் சொல்லாத வாடிக்கையாளர் என்று அத்தனை நாள் இவர் அலுத்துக்கொண்டிருக்க, அங்கே அவருக்குப் பதில் சொல்லாதவர் இவராக இருந்திருக்கிறார்.  "மன்னிச்சுக்குங்க சார், முத்தம்மாகிட்ட மட்டும் சொல்லிடுங்க" என்றார் கணேசமூர்த்தி. என்ன சொல்லச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு கடையில் நின்று கன்னடக் காலண்டர் கேட்டார். "ஆகஸ்ட்லயா?" என்று சிரித்துக்கொண்டே கடைக்காரர் பழைய கட்டிலிருந்து ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார்.

தர்மபுரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கும்போது லாவண்யா சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். அவர் நடந்ததைச் சொன்னார். அவள் இரண்டு காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆணி அடிக்காதீங்க" என்றாள். "அதை உங்க பெட்டியில வைக்கிறேன். கல்புர்கிலயும் இந்தக் கணக்குதானே?"