ஆண்களாக எழுதப்பட்ட மூன்று சிஸ்டர்கள்

சனிக்கிழமைகளில் நான் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் போய் அங்குள்ள ஒரு கன்னியர் மடத்தில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்பவர்கள் முதலில் நம்புவதில்லை. அந்த மடத்தின் தலைமை இல்லம் ஸ்பெயினில் இருக்கிறது. அங்கே மடத்தில் சேர இளம்பெண்கள் வருவது நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. இருக்கும் கன்னியர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது. அவர்களைக் குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் கோயிலுக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகவும் இங்கிருந்து சிஸ்டர்களை அனுப்புகிறார்கள். போகிறவர்களுக்குப் பாஷை தெரிய வேண்டும். அதற்குத்தான் நான்.

சென்னையில் கால் சென்டரில் இருந்தபோது கம்பெனி செலவில் கற்றுக்கொண்ட மொழி இது. கல்யாணத்துக்குப் பிறகு, ரயில்வேயில் வேலை பார்க்கும் கணவரோடு விழுப்புரத்துக்கு வந்தேன். வாரம் முழுக்க வீட்டிலிருந்தபடியே ஸ்பானிஷ் விலைப்பட்டியல்களையும் கடிதங்களையும் திருத்திக் கொடுக்கிறேன். சனிக்கிழமை வரும்போது கண் எரியும். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்று கிளம்பும்போது ஒருமுறை விழிப்பு வரும், திரும்பவும் தூங்கிவிடுவேன்.

அந்த வருஷம் மூன்று சிஸ்டர்கள் போவதாக இருந்தது. இரண்டு பேர் நர்ஸ் படித்தவர்கள். மூன்றாவது சிஸ்டர் எல்லோரிலும் இளையவர். ஓமந்தூர் பக்கத்தில் ஒரு கிராமம், அப்பா அம்மாவுக்குச் சொந்த நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் பயிர். வகுப்பில் கேள்வி கேட்பது பெரும்பாலும் அவர்தான். "etc.-க்குப் பன்மை உண்டா டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டார். கிடையாது, 'மற்றவையெல்லாம்' என்பது அதன் அர்த்தத்திலேயே அடங்கிவிட்டது, ஒரு பொருள் விட்டுப்போனாலும் பத்து விட்டுப்போனாலும் அது அப்படியேதான் இருக்கும் என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். நான் கொட்டாவியை அடக்கிக்கொண்டேன்.

எல்லாம் தயாராகி, மூன்று பேரும் தங்கள் வீடுகளுக்குப் போய் விடைபெற்று வந்த பிறகுதான் அது நடந்தது. சென்னை விசா மையத்துக்குப் போனவர்கள் சாயங்காலம் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களுக்காக ஸ்பெயினில் எடுத்து அனுப்பியிருந்த மருத்துவக் காப்பீட்டுச் சான்றில் மூவரும் ஆண்கள் என்று இருக்கிறதாம். பாஸ்போர்ட்டில் பெண்கள். ஏற்க முடியாது என்று கவுன்ட்டரில் இருந்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மடத்தின் தலைவியை எல்லோரும் மதர் என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த நாளே வரச் சொல்லி எனக்கு போன் செய்தார். வேலை நாள். கையிலிருந்த திருத்தத்தை நிறுத்திவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மதரின் அறையில் மேஜை மேல் காகிதங்கள் விரித்துக் கிடந்தன. ஸ்பெயினிலிருந்து வந்த அழைப்புக் கடிதத்தை எடுத்தேன். முதல் பத்தியிலேயே இருந்தது. மூன்று பெயர்களுக்கும் முன்னால் சேர்த்து, "los Sres." என்று போட்டிருந்தார்கள்.

"இங்கேருந்து நீங்க அனுப்புன இங்கிலீஷ் லெட்டர் இருக்கா மதர்?"

எடுத்துக் கொடுத்தார். அதில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'Sr.' என்று இருந்தது.

"இதுல என்ன தப்பு? சிஸ்டருக்கு நாங்க எப்பவும் அப்படித்தான போடுறோம்?" என்றார் மதர்.

"இங்கிலீஷ்ல சரிதான். ஸ்பானிஷ்ல Sr. போட்டா செஞ்யோர். திருவாளர். ஆம்பளைங்களுக்குப் போடுறது."

மதர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

தலைமை இல்லத்தின் அலுவலகத்தில் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. மடத்தைச் சேராத வெளியாள். இந்தியப் பெயர்களைப் பார்த்து ஆணா பெண்ணா என்று அவரால் சொல்ல முடியாது. Sr. என்று மூன்று முறை இருப்பதைப் பார்த்தார். ஒழுங்கான ஆள். மூன்று முறை எழுதுவானேன் என்று பன்மையில் ஒரே சொல்லாக, இலக்கணப்படி Sres. என்று மாற்றிவிட்டார். அதைப் பார்த்துக் காப்பீட்டுக் கம்பெனியும் ஆண்கள் என்று பதிந்துவிட்டது. அங்கே கையெழுத்துப் போட்ட வயதான மதருக்குப் பார்வை மங்கல்.

"அவரு நாம சிஸ்டர்களுக்குப் போடுற மாதிரி Srs.-னு போட்டிருந்தா நமக்கே கண்ணுல பட்டிருக்காது இல்ல?" என்று கேட்டார் இளைய சிஸ்டர். கதவோரமாக நின்றிருந்தார்.

"ஆமாம். ஆனா செஞ்யோருக்குப் பன்மை செஞ்யோரெஸ். முடிவுல வர்ற அந்த 'எஸ்'ஸையும் காட்டணும்னு Sres.-ன்னுதான் எழுதுவாங்க. டாக்டருக்கு Dr., பல டாக்டர்னா Dres. பொம்பளைங்களுக்கு Sra., பன்மைல வெறும் s சேத்தா போதும், Sras. உங்களுக்கு அதுவும் கெடையாது. சிஸ்டருக்கு எர்மானா, Hna. மூணு பேருக்கும் சேத்து Hnas."

"அப்ப மதருக்கு?"

"மாத்ரே. M. ஒத்தை எழுத்தா இருந்தா s சேக்க மாட்டாங்க, எழுத்தையே ரெண்டு தடவை போடுவாங்க. MM., பக்கத்துக்கு p., பக்கங்களுக்கு pp. போடுற மாதிரி."

இதெல்லாம் முன்பே வகுப்பில் சொல்லியிருந்ததுதான். கேட்டவர்கள் யாரும் ஸ்பெயினுக்கு அந்தக் கடிதத்தை எழுதவில்லை, எழுதியவர் என் வகுப்பில் இல்லை. யாரைக் குறை சொல்வது என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

அங்கேயே உட்கார்ந்து காப்பீட்டுக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். "Estimados Sres.:" என்று தொடங்கி, காற்புள்ளி போடாமல் முக்காற்புள்ளி வைத்தேன். தோள் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மதர் பதறிப்போனார்.

"திரும்ப அதையே போடுறீங்களே டீச்சர்? அதால தான இவ்ளோ பேஜாரு?"

"இது கம்பெனிக்காரங்களுக்கு மதர். மதிப்பிற்குரிய ஐயாமாரேன்னு. இங்க அதான் சரி."

"அவங்க குழம்பிடப் போறாங்க."

"குழம்ப மாட்டாங்க."

இருந்தாலும் அவருக்காக, சிஸ்டர்களின் பெயர் வரும் இடத்தில் Hnas. என்ற சுருக்கத்தை விட்டுவிட்டு, hermanas என்று முழுசாகவே எழுதினேன். உங்களைக் கேட்டுக்கொள்கிறோம் என்ற இடத்தில் Uds. வந்தது. சுருக்கி எழுதும்போது பெரிய எழுத்து, விரித்து ustedes என்று எழுதினால் சிறிய எழுத்து. கை தானாக அதைச் செய்தது. தலைமை இல்லத்துக்கும் இன்னொரு கடிதம் எழுதினேன். மதர் இரண்டையும் வரிவரியாகப் படிக்கச் சொல்லி, தமிழில் அர்த்தம் கேட்டு, பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

புதுச் சான்று வர வேண்டும், விசா மையத்தில் திரும்ப நாள் வாங்க வேண்டும், டிக்கெட்டை மாற்ற வேண்டும். எப்படியும் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போகும். நர்ஸ் சிஸ்டர்கள் இரண்டு பேரும் பெருமூச்சு விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். இளைய சிஸ்டர் மட்டும் நின்றார்.

"வீட்டுக்குச் சொல்லணும் டீச்சர். நா இந்நேரம் கெளம்பியிருப்பேன்னு நெனச்சிக்கினு இருப்பாங்க. போன்ல சொன்னா அப்பாவுக்குப் புரியாது. நீங்க ஒருவாட்டி வர்றீங்களா?"

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் போனோம். எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. மறுக்க வாய் வரவில்லை.

வீட்டு வாசலில் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடிகள் குவியலாகக் கிடந்தன. அவருடைய அம்மா அதில் காய் ஆய்ந்துகொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. கை மட்டும் நின்றது.

"என்னா பாப்பா. போவலியா?"

நான்தான் விளக்கினேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டு, "எம் பொண்ண ஆம்பளைன்னு எழுதிப்புட்டானா? ரெண்டு எழுத்துக்காவா இவ்ளோ தூரம்?" என்றார். கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மோட்டார் போட வேண்டும் என்று நிலத்துக்குக் கிளம்பினார்.

அம்மாவுக்கு எழுத்தைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

"போன தடவ கோழி அடிச்சு, சொந்தக்காரங்கள எல்லாம் கூப்ட்டு, அழுது, எல்லாம் ஆச்சிங்க டீச்சர்," என்றார் என்னைப் பார்த்து. "பஸ்ஸு போனப்பறம் ரெண்டு நாளு படுத்தே கெடந்தேன். அப்பறம் சரி, போயிடுச்சின்னு மனச தேத்திக்கினு எழுந்து வேலையப் பாக்குறேன். இப்ப திரும்ப வந்து நிக்குது. போறதா இருந்தா போயிடணும். இப்டி வந்து வந்து போனா என்னால ஆவாதுங்க."

சிஸ்டர் வெள்ளை உடுப்பை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து காய் ஆய ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்தேன். காய்கள் முறத்தில் விழுந்துகொண்டேயிருந்தன. மண் வாசனையும் வெயிலுமாக எனக்குக் கண் சொக்கியது. உட்கார்ந்தபடியே தூங்கியும் போனேன்.

விழித்தபோது குவியல் பாதியாகியிருந்தது. அம்மாவும் மகளும் உரத்தின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். டீ வந்தது. குடித்துவிட்டு எழுந்தோம்.

"புதுத் தேதி தெரிஞ்சதும் சொல்றேம்மா. கெளம்புறதுக்கு முன்னாடி ஒருவாட்டி வர்றேன்."

"வேணாம் பாப்பா," என்றார் அம்மா. "இப்பவே போய்க்கினு இரு. போறப்ப வராத. அங்கேருந்து போன் பண்ணு, போதும்."

பஸ் நிறுத்தம்வரை அவர் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது குனிந்து அடுத்த செடியை எடுத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் சிஸ்டர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நகக்கண்ணில் ஒட்டியிருந்த மண்ணைத் திண்டிவனம் வரும்வரை நோண்டிக்கொண்டே வந்தார்.

புதுச் சான்று வந்தது. காப்பீட்டுக் கம்பெனி மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தது. விசா மையத்தில் இந்தமுறை யாரும் எதுவும் கேட்கவில்லை. சிஸ்டர்கள் கிளம்பிய அன்று எனக்கு அவசரமாகத் திருத்திக் கொடுக்க வேண்டிய வேலை இருந்தது, விமான நிலையத்துக்குப் போக முடியவில்லை. அம்மா சொன்னபடியே இளைய சிஸ்டரும் ஊருக்குப் போகவில்லை என்று மதர் சொன்னார்.

இப்போது மதர் ஸ்பெயினுக்கு எந்தக் கடிதம் அனுப்புவதானாலும் முதலில் எனக்குப் படம் எடுத்து அனுப்புகிறார். சில நாள் அடுப்படியில் நிற்கும்போது வரும், சில நாள் கணவர் டியூட்டி முடிந்து சாப்பிட உட்காரும்போது வரும். பெயர்களுக்கு முன்னால் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சரி என்று பதில் போடுவேன்.

எப்போதாவது சாயங்காலத்தில் அந்த அம்மாவும் போன் செய்வார். என் நம்பரை சிஸ்டர்தான் கொடுத்திருக்கிறார். மகள் நேற்றுப் பேசினாள் என்பார். ஒரு பெரியம்மாவுக்குச் சோறு ஊட்டினாளாம், அங்கே ஒரே குளிராம் என்பார். பிறகு என்னிடம் கேட்பார்.

"நல்லா சாப்பிடுதான்னு கேட்டா ஏதோ அந்த ஊரு பேர்ல ஒண்ணு சொல்லுதுங்க டீச்சர். அது என்னாது, சோறா, ரொட்டியா?"

என்ன பேர் சொன்னார் என்று கேட்பேன். அவருக்கு அது வாயில் வராது. பரவாயில்லை, நல்லதாகத்தான் இருக்கும் என்பேன். அவரும் சரிங்க என்று வைத்துவிடுவார்.