பதினேழு இலக்கத்துக்கு நான் போட்ட சிவப்புக் கோடு

கணக்கு டீச்சரைக் கம்ப்யூட்டர் டீச்சராக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. செங்கல்பட்டுக்குத் தெற்கே, கடலோரத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினெட்டு வருடம் கணக்கு எடுத்தவள் நான். கம்ப்யூட்டருக்கு ஆள் இல்லை என்று ஒரு ஜூன் மாதம் ஆய்வகச் சாவியை என் கையில் திணித்துவிட்டார்கள். ராத்திரி பகலாகப் படித்து ஒப்பேற்றிவிட்டேன். ஆனால் கணக்கு டீச்சரின் திமிர் மட்டும் போகவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புக்கு ரெக்கார்டு நோட்டு உண்டு. வலப்பக்கம் புரோகிராம், இடப்பக்கம் அதை ஓட்டிப் பார்த்து வந்த விடை. பாதிப் பிள்ளைகள் ஓட்டாமலே விடையை எழுதிவிடும். அந்தத் திருட்டைப் பிடிப்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

கடப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண். இரண்டு தசம எண்களைக் கூட்டும் புரோகிராம். புள்ளி ஒன்றும் புள்ளி இரண்டும் கொடுத்திருந்தாள். விடையாக 0.30000000000000004 என்று எழுதி வைத்திருந்தாள்.

"இன்னாடி இது, போன் நம்பரா?" என்றேன். வகுப்பே சிரித்தது.

"கம்ப்யூட்டருல அப்டிதான் வந்துச்சு மிஸ்."

"மூணாங்கிளாஸ் புள்ளயக் கேட்டாலே புள்ளி மூணுன்னு சொல்லும். நீ எதையோ தப்பா அடிச்சிருப்ப."

பதினேழு இலக்கத்தையும் அடித்துச் சிவப்புக் கோடு இழுத்தேன். பக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதிக்கொண்டு வந்தாள். 0.3. கையெழுத்துப் போட்டேன். பக்கத்திலேயே இருந்த கம்ப்யூட்டரில் ஒரு தடவை நான் ஓட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

செய்முறைத் தேர்வு அன்று வெளியிலிருந்து தேர்வாளராக ஒரு சார் வந்தார். சிரிக்கிற முகம் இல்லை. குலுக்கலில் அவளுக்கு அதே புரோகிராம் விழுந்தது. அதே புள்ளி ஒன்றையும் புள்ளி இரண்டையும் அடித்தாள். திரையில் பதினேழு இலக்கமும் வந்து நின்றது. சார் ரெக்கார்டைப் புரட்டினார்.

"இதுல ஒண்ணு கீது, அங்க ஒண்ணு கீது. ஓட்டிப் பாக்காமலே எழுதிட்டியாம்மா? ரெக்கார்டு மார்க்கு மொத்தமும் போயிடும்."

கம்ப்யூட்டர் பட்டப் படிப்பில் சேர வேண்டும், வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் தான்தான் என்று என்னிடமே சொல்லியிருந்தாள். ஒவ்வொரு மார்க்கும் அவளுக்கு வேண்டும். அவள் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். என் பெயரைச் சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"சார், அவ சரியாத்தான் எழுதினா. நான்தான் அதை சிவப்புல அடிச்சிட்டுப் புள்ளி மூணுன்னு எழுத வெச்சேன்" என்றேன். காது சுட்டது.

சார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினார். "அப்போ ஏன் இப்டி வருதுன்னு சொல்லு."

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். நான் கோடு போட்ட அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து ஒன்றைப் பத்தால் வகுத்துப் பார்த்திருக்கிறாள், கம்ப்யூட்டருக்குத் தெரிந்த பூஜ்யம், ஒன்று என்ற இரண்டே இலக்கத்தில். 0011, 0011 என்று பக்கம் முழுக்க ஓடியது.

"கம்ப்யூட்டருக்கு அரை, கால், அரைக்கால், அதுல பாதி மாகாணி, இப்டிப் பாதி பாதியாதான் தெரியும் சார். மாகாணியும் அதுல பாதியும் சேத்தா பத்துல ஒண்ணு கிட்ட வரும். ஆனா சரியா வராது. இன்னும் சின்னதா சேத்துகினே போனாலும் மிச்சம் இருக்கும். நமக்கு மூணுல ஒண்ணு முடியாம ஓடுதே, அப்டி. எடம் இவ்ளோதான்னு ஒரு எடத்துல நிறுத்திடுது. புள்ளி ஒண்ணு துளி ஏறி நிக்குது, புள்ளி ரெண்டும் துளி ஏறி நிக்குது. புள்ளி மூணு துளி எறங்கி நிக்குது. கூட்டினா எப்டி சார் சமமா வரும்?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பதினெட்டு வருடத்தில் தசமத்தை இவ்வளவு அழகாக யாருக்கும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. எழுந்து கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தேர்வு நடக்கிறதே என்று அடக்கிக்கொண்டேன்.

சார் முழு மார்க்கும் போட்டார். அவள் வெளியே போனதும் பேனாவை மூடிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், எங்க ஸ்கூல்ல நாப்பது ரெக்கார்டுல இதையே நானும் சிவப்புல அடிச்சு வெச்சிருக்கேன்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "விடுங்க சார். வர்ற தேர்வாளருகிட்ட நீங்களும் என்னை மாதிரி ஒத்துக்கிட்டா போச்சு. யார் வர்றாங்க?"

அலுவலகத்தில் கொடுத்தனுப்பிய பணி ஆணையை அவர் பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். நாளை காலை ஒன்பது மணிக்கு, அவருடைய பள்ளிக்கு, என் பெயர்.