அக்காவுக்கு வைத்த கோழிக் குழம்பு

என் அக்கா சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வாய்விட்டுக் கேட்டது நாட்டுக்கோழிக் குழம்பு ஒன்றைத்தான். கேட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அக்கா வீட்டுக்காரர் மாமாவுக்குப் புரியவில்லை, அக்கா தேறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டார்.

மறுநாள் செம்மண்டலத்திலிருந்து தூக்குவாளியோடு பஸ்ஸேறி வந்தார். வீட்டில் முட்டையிட்டுக்கொண்டிருந்த பெட்டைக்கோழியை அடித்து, அவரே சமைத்திருந்தார். அதுவரை வெந்நீர்கூட வைத்தறியாத மனுஷன். அக்கா ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கையில் எடுத்து மறைத்துக்கொண்டு, "நல்லாருக்குங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். மாமாவை வராந்தாவுக்கு இழுத்துப் போய்க் கேட்டேன்: "எவ்ளோ நேரம் வேக வச்சீங்க?"

"அரை மணி. அவ அப்பிடித்தான வைப்பா?"

"அது பிராய்லர் மாமா! சட்டியில அரை மணிக்கே வெந்துடும். இது வயசான பெட்ட, சட்டியில வச்சா ரெண்டு மணி நேரம் புடிக்கும். இதுக்குத்தான் குக்கரு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். தூக்குவாளியை வாங்கிக்கொண்டு பக்கத்துத் தெருவிலிருந்த என் வீட்டுக்கு ஓடினேன். தண்ணீர் சேர்த்துக் குக்கரில் ஏற்றி, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி வைத்தேன். ஆவி அடங்கும்வரை அடுப்படியில் நிலைகொள்ளவில்லை. திறந்து விரலால் அழுத்தினேன். கறி பூவாய் வெந்திருந்தது.

நான் திரும்பி வந்தபோது அக்காவுக்கு நினைவில்லை. பிறகு அவள் எதையும் சாப்பிடவில்லை.

காரியம் முடிந்து, கறி எடுத்துப் படைக்கும் நாள் வந்தது. எங்களை யாரையும் அடுப்பண்டை விடாமல் மாமாவே சமைத்தார். மெத்தென்று இருக்கட்டும் என்று இந்த முறை பிராய்லர் வாங்கியிருந்தார். அதைக் குக்கரில் போட்டு எட்டு விசில் விட்டிருந்தார்.

மூடியைத் திறந்தேன். துண்டு என்று சொல்ல ஒன்றுமில்லை. கறியெல்லாம் நாராகக் குழம்பில் கரைந்து, எலும்புகள் தனியாகக் கிடந்தன. பிராய்லருக்குக் குக்கரே வேண்டாம், வைத்தாலும் ஒரு விசில் போதும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப வெந்துடுச்சாம்மா?"

"நல்லா வெந்துடுச்சு மாமா."

அக்கா படத்துக்கு முன்னால் இலை போட்டுச் சோறு வைத்து, குழம்பைக் கரண்டியால் அள்ளினேன். மாமா என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"எலும்பு வராம பாத்து வைம்மா" என்றார்.