மேல்வீட்டுத் தண்ணீர்

ஆவடியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் மூன்று அடுக்கு. கீழே நாங்கள், நடுவில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி, அதற்கும் மேலே இன்னொரு குடும்பம். மூன்று வீட்டு ஆண்களும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். எண்பதுகளின் பிற்பகுதி அது. என் இரண்டாவது குழந்தை அப்போதுதான் நடை பழகியிருந்தது.

படுக்கையறை சீலிங்கில், குளியலறைச் சுவரை ஒட்டிய மூலையில், முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மஞ்சள் கறை தெரிந்தது. மாசி மாதம். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பங்குனி பிறந்தபோது அது முறம் அளவுக்கு விரிந்து, நடுவில் சுண்ணாம்பு உப்பி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. பிள்ளைகள் படுக்கும் பாயை எதிர்மூலைக்கு மாற்றிப் போட்டேன். ஒரு நாள் மத்தியானம் புத்தகம் அளவுக்கு ஒரு பத்தை சிமெண்டு பூச்சு பாய் இருந்த பழைய இடத்தில் விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்துத் தெரிந்தது. அன்றைக்குத்தான் எனக்கு பயம் வந்தது.

என் வீட்டுக்காரர் பராமரிப்பு ஆபீசில் போய்ச் சொன்னார். "மொட்டை மாடிக் கசிவு. மழைக்கு முன்னாடி ஓடு பதிச்சுத் தருவோம்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கார்த்திகைக்குப் பிறகு ஒரு தூறல்கூட இல்லை. மொட்டை மாடித் தண்ணீர் என்றால் உச்சி வீட்டைத் தாண்டித்தானே எங்களிடம் வரவேண்டும்? மேலே ஏறிப் போய் உச்சி வீட்டம்மாவிடம் கேட்டு, அவர்களுடைய படுக்கையறைக் கூரையைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று காய்ந்திருந்தது. இறங்கும்போது நடுவீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. யாரும் திறக்கவில்லை.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பிள்ளை இல்லை. குடிவந்த புதிதில் வாசலில் நின்று என்னோடு பேசியிருக்கிறாள். அவள் ஊர்ப்பேச்சைக் கேட்க எனக்குப் பிடிக்கும். பிறகு மெல்ல மெல்லக் கதவு சாத்தியே கிடந்தது. கேட்டால் அவள் கணவர், "அவளுக்கு உடம்புக்கு முடியல சிஸ்டர்" என்பார். மேலே தண்ணீர் ஓடுகிற சத்தம் எனக்குப் பழகிப் போயிருந்தது. துணி துவைக்கிறாள், பாத்திரம் விளக்குகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். சத்தமே இல்லாத நேரம் எது என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை.

விழுந்த பத்தையை என் வீட்டுக்காரர் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் ஆபீஸ் மேசைமேல் கொட்டிய பிறகுதான் ஆள் வந்தது. பிளம்பர் அம்பத்தூர்க்காரர், கூட ஒரு கொத்தனார். பிளம்பர் கறையைச் சுற்றித் தட்டிப் பார்த்தார்.

"யம்மா, இது ரெண்டுல ஒண்ணு. மேல ஊட்டு பாத்ரூமுக்கு தண்ணி வர்ற பைப்பு செவுத்துக்குள்ள ஓட்டையா இருக்கணும், இல்லாங்காட்டி தண்ணி போற பைப்பு ஒயுகணும். வர்ற பைப்புன்னா ராவும் பகலும் ஈரம் காயாது. போற பைப்புன்னா ஊத்துனாத்தான் கசியும்."

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னார். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயைத் திறந்தே வைத்துவிட்டு, மேல்வீட்டில் இரண்டு நாள் குளியலறையை மட்டும் யாரும் புழங்கக் கூடாது. கறை காய்ந்தால் போகிற பைப். காயாவிட்டால் வருகிற பைப். நடுவீட்டுக்காரர் சரி என்றார். கதவைப் பூட்டிவிடுவதாகவும், குளிக்க உச்சி வீட்டுக்குப் போவதாகவும் சொன்னார்.

இரண்டு நாளும் மேலே சத்தம் இல்லை. ஆனால் கறை காயவில்லை. விரலை வைத்தால் ஈரம் ஒட்டியது.

"அப்போ வர்ற பைப்புதான்" என்றார் பிளம்பர். மேல்வீட்டுக் குளியலறைச் சுவரைக் கொத்தனார் உடைத்தார். நானும் பார்க்கப் போயிருந்தேன். அவள் உள்ளறையில் இருந்தாள், கதவு சாத்தியிருந்தது. குழாய் ஓடுகிற தடம் முழுக்கப் பெயர்த்தாகிவிட்டது. இரும்புக் குழாயில் மேலோட்டமாகத் துரு இருந்தது, அவ்வளவுதான். பிளம்பர் குழாயின் அடிப்பக்கம் கையை விட்டுத் தடவி, செங்கல் தூளை அள்ளிக் காட்டினார். வறண்ட தூள். அவருக்கே வெட்கமாகப் போயிற்று. தேவையில்லாமல் ஒரு சுவரையே உடைத்திருந்தார். குந்தியபடியே தரையைப் பார்த்தார். தரை மூலைகளில் ஈரம் இருந்தது.

"சார், ரெண்டு நாளு யாரும் பொயங்கலன்னு சொன்னியே?"

"புழங்கல."

"தரை ஈரமா கீதே சார்."

நடுவீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் பொய் சொல்லுதேங்கியா? உன் வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போ!"

பிளம்பரும் எழுந்துவிட்டார். "செவுத்தை ஒடச்சது நானு. ஆபீசுல நாளைக்கு நாந்தானே பதில் சொல்லணும்? மறுக்கா ரெண்டு நாளு பூட்டு. இந்த வாட்டி சாவி என்னாண்ட இருக்கட்டும்."

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவுகளைச் சொல்லாதீய. அவுக வேலைக்குப் போன பொறவு சாவியை எடுத்து நாந்தான் ஊத்துனேன். சத்தம் வரக் கூடாதுன்னு செம்புல மோந்து சுவரோரமா மெதுவா ஊத்துனேன்."

எல்லோரும் அவள் கையைத்தான் பார்த்தோம். மணிக்கட்டுவரை வெளுத்து, தோல் ஊறிச் சுருங்கி, விரலிடுக்குகளில் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. கொத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கணவர் உடைந்த சுவரின் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது.

அவள் பிறகு என்னிடம் சொன்னாள். காலையில் தொடங்கினால் கை சுத்தமாகிவிட்டது என்று மனம் சொல்கிறவரை கழுவ வேண்டும். மனம் சொல்வதே இல்லை. தாழ்ப்பாளைத் தொட்டால் முதலிலிருந்து. சேலை முந்தானை தரையில் பட்டால் தலையோடு குளியல். "கிறுக்குன்னு சொல்லிருவாக அக்கா. அதான் அவுக யாரையும் உள்ள விடலை" என்றாள். அதற்கு ஒரு பெயர் உண்டு, வைத்தியம் உண்டு என்று எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

மறுநாள் பிளம்பர் சரியாகச் சோதித்தார். தண்ணீர் இறங்குகிற ஜாலியைத் துணியால் இறுக அடைத்து, தரையில் தண்ணீரைத் தேக்கினார். நான் கீழே கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம்வரை ஒன்றும் மாறவில்லை. தரையில் பழுதில்லை என்று ஆயிற்று. பிறகு துணியை உருவிவிட்டார். தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஜாலிக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கறை நடுவில் கருத்து, ஒரு சொட்டு திரண்டு, பாயில்லாத தரையில் விழுந்தது. ஜாலிக்குக் கீழே, டிராப் என்கிற வளைகுழாயும் வெளிக்குழாயும் சேரும் இடத்தில் வைத்த சிமெண்டு விட்டுப் போயிருந்தது. அங்கிருந்து தளத்துக்குள்ளேயே ஓடி, எங்கள் மூலையில் வந்து இறங்கியிருக்கிறது.

"சாதாரணமா பொயங்குற ஊடா இருந்தா இது வெளிய தெரியவே நாலஞ்சு வருசம் ஆயிருக்கும்" என்றார் பிளம்பர், அவளுக்குக் கேட்காதபடி.

ஜாலியைச் சுற்றித் தரையை உடைத்து, புது டிராப் வைத்து, சிமெண்டு இறுகும்வரை குளியலறையைப் பூட்ட வேண்டும். ஒரு வாரமாவது ஆகும் என்றார்கள். அவள் கணவர் ஷிஃப்டுக்குப் போகும்போது அடுப்படிக் குழாயையும் கம்பியால் கட்டிவிட்டு, குடிக்க ஒரு குடம் மட்டும் வைத்துவிட்டுப் போனார். பழக்கம் விட்டுப்போகும் என்று நம்பினார். நான் கேட்டபோது, "வேற என்ன செய்யச் சொல்லுதீங்க சிஸ்டர்? அடிக்கவும் மனசு வரல" என்றார்.

அடுத்த நாள் காலையிலேயே அவள் எங்கள் வாசலில் நின்றாள். குடத்துத் தண்ணீர் முழுவதையும் கையில் ஊற்றித் தீர்த்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. "அக்கா, ஒரே ஒரு தடவை" என்றாள். உள்ளே விட்டேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன், டம்ளரை வாங்க மாட்டேனென்றாள், அண்ணாந்த வாயில் ஊற்றினேன். பிறகு குளியலறைக்குள் போனவள் சமையல் முடிந்தும் வரவில்லை. குழந்தை தூங்கி எழுந்தும் வரவில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். அவள் ஊர், அவள் அம்மா, கல்யாணச் சாப்பாடு என்று என்னென்னவோ கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் நல்லபடியாகவே பதில் சொன்னாள். அந்தக் குரலில் ஒரு கோளாறும் இல்லை. செம்பு மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் தொட்டி காலியாகி, உச்சி வீட்டம்மா மாடிப்படியில் நின்று கத்தத் தொடங்கிவிட்டாள். கத்தலைக் கேட்டுப் பக்கத்து பிளாக்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தண்ணீர் நின்றதும் உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது. சோப்பு பாதியில் நின்றுவிட்டது, வெளியே வர முடியாது என்று அழுதாள். தொழிற்சாலைக்கு ஆள் போய் அவள் கணவரைக் கூட்டிவந்தார்கள். அவர் தாழ்ப்பாளைத் தள்ளி உடைத்து, நனைந்த சேலையோடு அவளைத் தூக்கிக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் படியேறினார். அவள் தன் இரண்டு கைகளையும் எதிலும் படாமல் மேலே தூக்கியே வைத்திருந்தாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவளைச் சேர்த்தார்கள். அவள் இல்லாத நாட்களில் சிமெண்டு இறுகியது, கறை காய்ந்தது, கொத்தனார் கம்பியைத் தேய்த்துப் புதுப் பூச்சு வைத்து வெள்ளையடித்துவிட்டுப் போனார். மேலே சத்தமே இல்லை. எனக்கு அந்த அமைதியில் பகலில் தூக்கம் வரவில்லை.

ஆடி மாதம் திரும்பி வந்தாள். மாத்திரையில் உடம்பு ஊதியிருந்தது. கை ஆறியிருந்தது, ஆனால் நடுங்கியது. போய்ப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எப்படி இருக்கே?"

"இப்பம் ஒண்ணும் தோணல அக்கா" என்றாள். "அழுக்குன்னும் தோணல. பசின்னும் தோணல."

அவள் கணவர் மாற்றல் வாங்கி அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பல வருஷம் கழித்து ஆவடி ஸ்டேஷனில் அவரைத் தற்செயலாகப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பற்றிக் கேட்டேன். "இருக்கா சிஸ்டர். மாத்திரையிலதான் ஓடுது. விட்டா மறுபடி வந்துருது" என்றார். சமையல் தானே செய்வதாகவும், அவள் நல்லா இருக்கிற நாட்களில் இரண்டு பேரும் கோயிலுக்குப் போய் வருவதாகவும் சொன்னார். வண்டி வந்தது. அவர் கூட்டத்தோடு ஏறிக்கொண்டார்.