இரண்டாம் டிரெஸ்ஸருக்கு நாங்கள் போட்ட மதிப்பெண்

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். மம்பாவ் பக்கம் மூன்று எஸ்டேட்டுகள் செலவைக் குறைக்க ஒரே ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டன. நோயாளிகள் கூடியதால் மருந்து கொடுக்கவும் புண் கட்டவும் இரண்டாவது டிரெஸ்ஸர் ஒருவர் தேவைப்பட்டார். விண்ணப்பித்த நால்வரில் இருவரை நாங்கள் பொறுக்கிச் சிரம்பானில் இருந்த டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அவர் பார்த்து ஒருவரை எடுத்துக்கொள்வார்.

நான் அப்போது பெரிய கிராணி, அதாவது ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா. படிப்பு, அனுபவம், நற்சான்றுக் கடிதம் இவற்றைப் பார்த்து ஐம்பதுக்கு மதிப்பெண் போடுவது என் வேலை. எங்கள் டிரெஸ்ஸர் கைவேலைத் தேர்வு வைத்து இருபதுக்குப் போடுவார். உதவி மானேஜரான சின்னதுரை நேரில் பேசிப் பார்த்துப் பத்துக்குப் போடுவார். ஐம்பது, இருபது, பத்து என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. அவரவருக்குத் தோன்றிய எண் அது.

நால்வரில் ஒருவர் நான் படித்த பள்ளியில் படித்தவர். அவர் கடிதங்களைப் பிரித்ததுமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நாற்பத்து நான்கு போட்டேன். இன்னொருவர் மூடிப்போன ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர். அவருடைய வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கப்பலேறிப் போய்விட்டதால் சான்று எழுதித்தர ஆளில்லை. காகிதம் இல்லாதவருக்கு எதை வைத்துப் போடுவது? பதினாறு போட்டேன். அவர் மனைவியோடு எங்கள் தொழிலாளர் லயத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்.

தேர்வின்போது நானும் போய் நின்றேன். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் சுண்ணாம்பு மருந்தை ஆறு பேருக்கு அளந்து ஊற்றச் சொன்னார் டிரெஸ்ஸர். பள்ளித்தோழர் புட்டியைக் குலுக்காமல் ஊற்றினார். முதல் கிண்ணங்களில் வெறும் தண்ணீர், கடைசிக் கிண்ணத்தில் வண்டல். சான்றில்லாதவர் குலுக்கினார்; அளவுக் கண்ணாடியைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து ஊற்றினார். தோழருக்கு ஒன்பது, மற்றவருக்குப் பதினெட்டு.

சின்னதுரை தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். யாரையும் நீ என்றுதான் கூப்பிடுவார். சான்றில்லாதவரிடம் கேட்டார்:

"காய்ச்சலுக்குக் கொயினா குடிக்க மாட்டேன்னு ஒரு ஆள் வாய மூடிக்கிட்டா நீ என்னா செய்வே?"

"முதல்ல நான் குடிச்சிக் காட்டுவேங்க தொரை. கசக்காதுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

துரை சிரித்தார். ஆனால் மற்றக் கேள்விகளுக்கு அந்த மனிதர் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னதால் ஏழுதான் கிடைத்தது. பள்ளித்தோழருக்கும் ஏழு.

மூன்றையும் அப்படியே கூட்டினேன். எல்லாவற்றிலும் நன்றாகச் செய்திருந்த வேறொருவர் முதலில் வந்தார். இரண்டாவது என் பள்ளித்தோழர், அறுபது. சான்றில்லாதவருக்கு நாற்பத்தொன்று. நான்காமவர் எப்படிக் கூட்டினாலும் கடைசி. டிரெஸ்ஸர் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கிராணியாரே, உங்க காயிதத்துக்கு அம்பது, என் தேர்வுக்கு இருவதா? காயிதமா வந்து புண்ணுக்குக் கட்டுப் போடும்?"

அவர் சொன்னது நியாயம். மூன்றையும் நூற்றுக்கு மாற்றினால்தான் கூட்டவே முடியும். அதற்குப் பிறகும் எதற்கு எவ்வளவு பங்கு என்று தீர்மானிக்க வேண்டும். அறைக்குப் போய்த் தனியாகக் கணக்குப் பார்த்தேன். டிரெஸ்ஸர் விரும்புவதுபோல் தேர்வுக்குப் பாதி, மற்ற இரண்டுக்கும் கால் கால் வைத்தேன். சான்றில்லாதவருக்கு எழுபதரை, பள்ளித்தோழருக்கு அறுபத்திரண்டு. தோழர் இருவர் பட்டியலை விட்டு வெளியே போய்விட்டார். மூன்றுக்கும் சம பங்கு வைத்துக் கூட்டினேன். அவருக்கு இருநூற்று மூன்று, மற்றவருக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. தோழர் பட்டியலுக்குள் வந்தார். சம பங்கைச் சுத்தமாக எழுதி எடுத்துக்கொண்டு போனேன். சமம் என்ற சொல்லை யார் குறை சொல்லப் போகிறார்கள்?

டிரெஸ்ஸர் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று கேட்டார்.

"இந்தச் சம பங்கு எப்ப முடிவாச்சு? மார்க் பாக்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னாலதான். சின்னதொரைகிட்ட அப்பவே பேசிட்டேன்" என்றேன்.

"முன்னாலன்னா சரி. எனக்குப் பிடிக்கலேங்கிறதுக்காக இப்ப மாத்தக் கூடாது" என்று கையெழுத்திட்டார்.

இத்தனை வருடம் கழித்தும் என்னை உறுத்துவது இதுதான். அவருடைய நேர்மையை வைத்தே அவரை ஏமாற்றினேன்.

மறுநாள் காலை சான்றில்லாதவர் ஆபீஸ் வாசலில் நின்றார். சிபாரிசு கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

"ஒரு சேதி தெரிஞ்சிக்கலாம்னு வந்தேங்க. ஊருக்குத் திரும்பறவங்களுக்குச் சிரம்பான்ல பேர் எழுதறாங்க, கப்பல் டிக்கெட் இனாம். எங்க ரெண்டு பேர் பேரும் குடுத்து வச்சிருக்கேன். நாளைக்குள்ள உறுதி சொல்லணுமாம். இங்க எனக்கு ஏதும் வழி இருக்குமாங்க? இல்லேன்னா இல்லேன்னே சொல்லிடுங்க, கோவிச்சிக்க மாட்டேன்."

"சாயங்காலம் வாங்க" என்றேன். அதுவரை அவரை வா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிரெஸ்ஸரை அழைத்துக்கொண்டு சின்னதுரையிடம் போனேன். மதிப்பெண் பார்த்த பிறகுதான் பங்கு வைத்தேன், எனக்கு வேண்டியவரை உள்ளே வைக்கத்தான் அப்படிச் செய்தேன், முன்பே பேசியதாகச் சொன்னது பொய் என்று இருவர் முன்னாலும் சொன்னேன். துரை புகைக்குழாயில் புகையிலையை அடைத்துக்கொண்டே இருந்தார். டிரெஸ்ஸர்தான் முதலில் பேசினார்.

"உங்களையும் குலுக்கித்தான் ஊத்தணும் போல கிராணியாரே."

துரை அதற்குச் சிரித்தது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

"சரி, டிரெஸ்ஸர், நீ சொல்ற மாதிரி தேர்வுக்குப் பாதி வெச்சிடலாமா?" என்று துரை கேட்டார்.

டிரெஸ்ஸர் ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம் தொரை. மூணு பேருமே இப்ப மார்க் பாத்துட்டோம். நான் வச்சாலும் அது இவர் செஞ்ச வேலைதான். மார்க் பாக்காத ஆள் ஒருத்தர்தான் இருக்கார்."

டாக்டருக்குத் தொலைபேசி போட்டார்கள். ஆள் யார், யாருக்கு எவ்வளவு என்று எதுவும் சொல்லவில்லை. இந்த வேலைக்குச் சான்று, கைவேலை, நேர்ப்பேச்சு மூன்றில் எது எவ்வளவு பெறும் என்று மட்டும் துரை கேட்டார். டாக்டர் சொன்னதைத் துரை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கைவேலைக்குப் பாதி, மற்ற இரண்டுக்கும் கால் கால். கைவேலையில் பாதிக்குக் கீழே எடுத்தவரை மற்ற மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் அனுப்ப வேண்டாம்.

டிரெஸ்ஸர் கணக்கைப் போட்டார், நான் சரிபார்த்தேன். முதலில் வந்தவர் அப்போதும் முதலில்தான் நின்றார். இரண்டாவது சான்றில்லாதவர். பள்ளித்தோழரிடம் நானே போய்ச் சொன்னேன். புட்டியைக் குலுக்காததையும் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அவருக்கும் நான் நல்லது செய்திருக்கவில்லை. உள்ளே இடம் உண்டு என்று முன்பே ஜாடையாகச் சொல்லி வைத்திருந்தேன்.

அதன்பிறகு அந்த ஆபீசில் ஆள் எடுத்தபோதெல்லாம் விண்ணப்பங்களைப் பிரிப்பதற்கு முன்னால் பங்கை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவோம். நேரில் பேசுகிறவருக்குச் சான்றுக் கடிதங்களைக் காட்டுவதில்லை. கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பேசினால் ஒரே கடிதத்துக்கு இரண்டு முறை மதிப்பெண் விழும்.

அன்று சாயங்காலம் சான்றில்லாதவர் வந்தார். இருவரில் நீங்கள் ஒருவர், வெள்ளிக்கிழமை டாக்டர் பார்ப்பார் என்றேன்.

"அப்ப நாளைக்குக் காலைல போய்க் கப்பலுக்குக் குடுத்த பேர எடுத்துடச் சொல்றேங்க."

"அவசரப்படாதீங்க. டாக்டர் இன்னொருத்தரையும் பாக்கறாரு. அவரும் நல்லா செஞ்சிருக்காரு."

"பாக்கட்டுங்க. என்னையும் பாக்கறாருல்ல."

லயத்துப் பக்கம் நடந்தார். பாதி வழியில் அவர் நடை வேகமானதை நான் ஆபீஸ் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.