கோட் போட்டால் ஒரு டாக்டர், கழற்றினால் ஒரு பெண்

எங்கள் தொழிலில் நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே நோயாளி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். அந்த முடிவு எங்கள் துணியைப் பார்த்து எடுத்தது. வெள்ளைக் கோட்டுக்குள் கொல்கத்தாவின் மே மாதத்தில் வியர்த்து வழிந்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்த தூத்துக்குடிக்காரரின் மகள் நான். இந்த ஊரிலேயே படித்து, இந்த ஊர் ஆஸ்பத்திரிகளிலேயே இருபது வருஷம் ஓட்டிவிட்டேன். அதில் மறக்க முடியாமல் போன சிலவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

டாக்டர்பாபுவைக் கூப்பிடுங்கள்

அவசர சிகிச்சைப் பிரிவில் அன்று காலை ஒரு நோயாளி என் கோட் மேலேயே ரத்த வாந்தி எடுத்துவிட்டார். கோட்டைச் சலவைக்குப் போட்டுவிட்டுச் சுடிதாரோடு நின்றிருந்தேன். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இருந்தது. அடையாள அட்டை வழக்கம்போல் முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கியது. பதினொன்றரை மணிக்கு ஒரு பள்ளி ஆசிரியரை மகன் அழைத்து வந்தார். நெஞ்சு வலி, சட்டையெல்லாம் நனைகிற வியர்வை. இ.சி.ஜி.யில் சந்தேகத்துக்கே இடமில்லை. இதயத்தின் முன்பக்கத்துக்குப் போகும் பெரிய குழாய் அடைபட்டிருந்தது. ஆஸ்பிரின் கொடுத்தேன், ஆஞ்சியோபிளாஸ்டி குழுவுக்குப் போன் செய்தேன், சம்மதப் படிவத்தை நீட்டினேன். ஆசிரியர் வலியில் முனகிக்கொண்டே, "மகனைக் கேளுங்க" என்றார்.

மகன் படிவத்தைத் தொடவில்லை. "சிஸ்டர், முதல்ல டாக்டர்பாபுவைக் கூப்பிடுங்க" என்றார். நான்தான் டாக்டர் என்றேன். தலையாட்டினார். பிறகு நேராக துலால்தாவிடம் போனார். துலால்தா எங்கள் இ.சி.ஜி. டெக்னீஷியன். நரைத்த தலை, முழங்கால் வரை தொங்கும் தேய்த்த வெள்ளைக் கோட். "மேடம்தான் டாக்டர், நான் மெஷின் ஓட்டறவன்" என்று துலால்தா மூன்று முறை சொல்லிப் பார்த்தார். மகன் நம்பவில்லை. ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னது, யாரோ ஒரு பெண் பதற்றத்தில் கத்துவது போல்தான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அலிப்பூர் நெரிசலைத் தாண்டி எங்கள் இதய நிபுணர் சூட்டும் கோட்டுமாக வந்து சேர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. நான் சொன்ன அதே வாக்கியத்தை அவர் சொன்னார். மகன் உடனே கையெழுத்துப் போட்டார்.

ஆசிரியர் அன்று பிழைத்தார். ஆனால் இதயத்தின் பலம் பாதியாகக் குறைந்துவிட்டது. இரண்டாம் மாடி வீட்டுக்கு ஏற முடியாமல் கீழே உறவினர் வீட்டில் படுத்திருந்தார். மூச்சுத்திணறலோடு மூன்றாவது முறை வந்தபோது திரும்பிப் போகவில்லை. இறப்புச் சான்றிதழ் வாங்க வந்த மகன் என் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு இதைப் போட்டிருந்தீங்கன்னா நான் அப்பவே கையெழுத்துப் போட்டிருப்பேன், மேடம்."

நூற்று எழுபத்தெட்டு

அதற்குப் பிறகு நான் கோட் இல்லாமல் யார் முன்னாலும் நிற்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பலன் ஷண்முகம் சாருக்குக் கிடைத்தது. அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு கிடர்பூரில் தனியாக இருந்தார். என் அறைக்கு வரும்போதெல்லாம் ரத்த அழுத்தம் நூற்று எழுபத்தெட்டு, நூற்று எண்பது. ஐந்து நிமிடம் உட்காரவைத்துத்தான் பார்ப்பேன், அப்படியும் இறங்காது. இரண்டாவது மாத்திரையைச் சேர்த்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் அவருடைய பக்கத்து வீட்டு வங்காளி அண்ணியிடமிருந்து போன் வந்தது. காலையில் படுக்கையிலிருந்து எழுந்த ஷண்முகம் சார் தலைசுற்றி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து அவர் வீடு திரும்பியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாதாரணச் சேலையில் போய்ப் பார்த்தேன். பேச்சுவாக்கில் அவர் வீட்டு மெஷினையே கையில் கட்டினேன். நூற்று எட்டு. அவர் மேஜையில் ஒரு டைரி இருந்தது. மாதக்கணக்காக வீட்டில் எடுத்த அளவுகள், எல்லாமே இயல்பானவை. என்னிடம் அவர் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டைக் கண்டால் மட்டும் ஏறும் அழுத்தம் என்று ஒன்று உண்டு என்பதை மாணவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன்.

"ஏன் சார், இதை ஒரு தடவை காட்டியிருக்கலாமே?" என்றேன். வாக்கரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "வீட்ல நீ எங்க ராஜுவோட பொண்ணும்மா. அங்க அந்தக் கோட்டோட உக்காந்திருக்கும்போது, பெரிய டாக்டர் மெஷின் தப்புன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

டை

எங்கள் மூத்த அறுவை நிபுணர் ஒருவர் டை இல்லாமல் வார்டுக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். முழுக்கைக் கோட், மணிக்கட்டில் பித்தான், தங்கநிறக் கைக்கடிகாரம். அவர் நடந்து வந்தால் நோயாளிகள் படுக்கையில் எழுந்து உட்காருவார்கள். அந்த வருஷம் அறுவை வார்டில் காயங்கள் சீழ் பிடித்தன. ஐந்து பேர். ஒரு பெண், மூன்று குழந்தைகளின் தாய், ரத்தத்தில் கிருமி பரவி இறந்துபோனார். தொற்றுக் கட்டுப்பாட்டைப் பார்க்கும் சிஸ்டர் லில்லி எல்லா டாக்டர்களின் கோட் கைநுனியிலும் டையிலும் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து எடுத்தார். என்னுடையதிலும் கிருமி வளர்ந்தது. அவருடையதில் நிறைய வளர்ந்தது. கோட்டைக் கடைசியாக எப்போது துவைத்தீர்கள் என்ற கேள்விக்கு எங்களில் பாதிப் பேருக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பெண்ணைக் கொன்ற கிருமி யாருடைய துணியிலிருந்து வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. துணியிலிருந்துதான் வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது.

முழங்கைக்குக் கீழே துணி, கடிகாரம், மோதிரம் எதுவும் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. கூட்டத்தில் மூத்தவர் எழுந்து நின்றார். எல்லோரும் சண்டை என்று நினைத்தோம். அவர் டையை அவிழ்த்து மேஜை மேல் வைத்தார். "முப்பது வருஷமா இதைப் பாத்துத்தான் அவங்க என்கிட்ட வயித்தைக் காட்டினாங்க, லில்லி."

பச்சை உடை

சாவைச் சொல்வது எப்படி என்று எங்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். தனி அறைக்குக் கூட்டிப் போ, உட்காரவை, நீயும் உட்கார், சுற்றிவளைக்காமல் 'இறந்துவிட்டார்' என்ற சொல்லைச் சொல். எந்த உடையில் போக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பஸ் மோதிய கல்லூரி மாணவன். நாற்பது நிமிடம் நெஞ்சை அழுத்தினோம். வெளியே அப்பா காத்திருக்கிறார், தாமதிக்கக் கூடாது என்று அறுவைக்கூடத்துப் பச்சை உடையோடு அப்படியே போனேன். அறை, நாற்காலி, தண்ணீர் எல்லாம் சரியாக இருந்தது. நான் வாயைத் திறக்கவே இல்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மார்பிலிருந்து வயிறு வரை பார்த்தார். விரலை நீட்டினார், ஆனால் தொடவில்லை.

"இது என் பையன் பாபாயோட ரத்தமா, டாக்டர் தீதி?"

அஷ்டமிக் கிச்சுரி

நியூ டவுனில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே சாயங்காலம் ஒரு சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மதுரைப் பையன் கார்த்திக் தலைவலி என்று இரண்டு முறை வந்தான். நான் கோட்டும் மாஸ்க்குமாக இருந்தேன். தூக்கம் எப்படி? நல்லா வருது டாக்டர். மனசு? ஒண்ணும் இல்ல டாக்டர், வேலை டென்ஷன். எல்லாம் ஆங்கிலத்தில், தேர்வு எழுதுகிற மாதிரி.

துர்கா பூஜை அஷ்டமியன்று எங்கள் பந்தலில் பிரசாதக் கிச்சடியான கிச்சுரியைப் பரிமாறிவிட்டுக் களைத்துப்போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பருத்திச் சேலை, அவிழ்ந்த கொண்டை. போனில் தங்கையோடு தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டு கார்த்திக் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "எந்த ஊருக்கா?" என்று ஆரம்பித்தவன், மூன்று மாதமாகத் தூங்கவில்லை என்றான். பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து வைத்திருப்பதாகச் சொன்னான். அவன் இருப்பது பதினெட்டாவது மாடி. சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்டேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதான். டாக் மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அவனைத் தனியாக விடவில்லை. என் தோழி மனநல மருத்துவர். அவள் அறையில் கோட்டே கிடையாது, எப்போதும் குர்த்தாதான். அன்று சாயங்காலமே அவளிடம் கூட்டிப் போனேன். மதுரையிலிருந்து அண்ணன் வந்தார். மருந்து, பேச்சு, ஆறு மாதம். இப்போது நன்றாக இருக்கிறான். நான் யார் என்று அன்று தோழியிடம் காரில் போகும்போதுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நீங்க டாக்டர்னு தெரிஞ்சிருந்தா சத்தியமா சொல்லியிருக்க மாட்டேன்கா."

கழற்றிவிடுங்கள்

இதை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஒரு மத்தியானம், விபத்தில் வந்தவர் இறந்ததும் 'பேஷண்ட் பார்ட்டி', அதாவது அவருடைய ஆட்கள் கூட்டம், கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. நாற்பது பேர் இருக்கும். ஜூனியர் டாக்டர் ஒருவனைக் கோட்டின் காலரைப் பிடித்தே இழுத்தார்கள். காவலாளி விஸ்வநாத்தா என்னைத் தூணுக்குப் பின்னால் தள்ளி, "கோட்டைக் கழட்டுங்க மேடம், சீக்கிரம்" என்றார். அழுக்குத் துணிக்கூடையில் போட்டேன். துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பார்வையாளர்களோடு பார்வையாளராக நின்றேன்.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெண். ஸ்ட்ரெச்சரில் அவள் கணவர் ஆஸ்துமாவில் இழுத்துக்கொண்டிருந்தார். "ஒரு டாக்டர்கூடவா இல்ல?" என்று என்னிடமே கேட்டாள். துப்பட்டாவை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன். போலீஸ் வரப் பத்து நிமிடம் ஆனது. அதுவரை அவர் மூச்சை எண்ணிக்கொண்டே நின்றேன். பிறகு ஓடிப் போய் ஆக்சிஜன் வைத்தேன், நெபுலைசர் போட்டேன். அவர் பிழைத்துக்கொண்டார். அதில் என் பெருமை ஒன்றும் இல்லை.

மறுநாள் வார்டு சுற்றில், துவைத்த கோட்டோடு அவர் படுக்கைக்குப் போனேன். மனைவி எழுந்து கைகூப்பினாள். கூப்பிய கை பாதியில் நின்றது. "நீங்க நேத்து என் பக்கத்துலதானே நின்னீங்க?"

இப்போது என் அலமாரியில் மூன்று கோட்டும் ஏழெட்டு சுடிதாரும் தொங்குகின்றன. காலையில் எதை எடுத்துப் போட்டுக்கொண்டு போனாலும், அன்றைக்கு வரும் யாரோ ஒரு நோயாளிக்கு அது தவறான உடையாகத்தான் இருக்கிறது.